பழைய பாடப்புத்தகம் வாங்கி ஜூனியர்களுக்கு விற்றால் மாசம் எவ்வளவு நிற்கும்?

வடவள்ளி_வீடு, 6 ஏப்ரல் 2025

பெரியவன் பன்னெண்டாவது சிபிஎஸ்இ பரீட்சை எழுதி முடிச்சுட்டான். சின்னவன் ஏழு முடிச்சு எட்டுக்குப் போறான். ரெண்டு பேர் புக்கும் சேர்த்து ஒரு அலமாரி. மாமியார் காலத்துக் கதைப் புத்தகம், பசங்க படிச்ச கதைப் புத்தகம்னு இன்னும் ரெண்டு அலமாரி. எங்க அபார்ட்மெண்ட்ல 140 வீடு இருக்குதுங்க.

பாடப்புத்தகத்தை பாதி விலைக்கு வாங்கி முக்கால் விலைக்கு ஜூனியர் பசங்களுக்கு வித்துட்டு, கதைப் புத்தகத்தை மாச வாடகைக்கு விடலாம்னு யோசனை. மாசம் அஞ்சாயிரம் நின்னா போதும். யாராவது பண்ணிருக்கீங்களா? சின்னவனோட ஏழாவது செட்டு ஒரு கிறுக்கல்கூட இல்லாம இருக்கு, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

கணக்கு_டீச்சர், 6 ஏப்ரல் 2025

நல்ல யோசனை. என்சிஇஆர்டி புத்தகம் நாடு முழுக்க ஒன்றுதான், ஒரு தடவை வாங்கினால் பத்து வருஷம் ஓடும். அச்சிட்ட விலையில் 75 சதவீதம் தாராளமாகக் கேட்கலாம்.

பழைய_பேப்பர், 7 ஏப்ரல் 2025

டீச்சர் சொன்னதுல முதல் பாதி சரி, ரெண்டாவது பாதியை நம்பி இறங்குனா எடைக்குத்தான் போடணும்.

உக்கடத்துல பழைய புத்தகக் கடையில 19 வருஷம் நின்னவன் நான். அம்மா, அந்த ஏழாவது செட்டை விக்கிற நினைப்பை விடுங்க. மூணாவதும் ஆறாவதும் போன வருஷமே புதுசாயிடுச்சு. இந்த வருஷம் நாலு, அஞ்சு, ஏழு, எட்டு மாறுது. புத்தகப் பேரே வேற, பாடமும் வேற. கிறுக்கல் இல்லாத ஏழாவது செட்டுக்கு இன்னைக்கு விலை கிலோ கணக்குதான்.

ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எப்பவுமே தொடாதீங்க. தனியார் பள்ளியில சின்ன வகுப்புக்கு வேற வேற பதிப்பகத்து புக்கு, பாதி ஒர்க்புக்கு. பென்சில்ல எழுதி, அழிச்சு, கிழிஞ்சிருக்கும். செட்டாத்தான் வாங்கணும்னு பள்ளியிலேயே சொல்லிடுவாங்க. அதுக்கு ஜூனியர் கிடைக்கமாட்டான்.

உங்களுக்கு ஓடுறது பெரியவனோட பதினொண்ணும் பன்னெண்டும்தான்.

வடவள்ளி_வீடு, 7 ஏப்ரல் 2025

பக்குனு ஆயிடுச்சுங்க. நேத்துதான் பக்கத்து பிளாக்குல ரெண்டு ஏழாவது செட்டு, ஒரு எட்டாவது செட்டு முன்னூறு ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். இந்தக் கேள்வியை அதுக்கு முந்தின நாள் கேட்டிருக்கணும்.

புத்தகப்புழு62, 8 ஏப்ரல் 2025

அப்பாவின் நூலகம் என்னிடம் இருக்கிறது. சுமார் 900 நூல்கள், பெரும்பாலும் சமயமும் வரலாறும். மொத்தமாக எடுத்துக்கொள்வீர்களா? பணம் முக்கியமில்லை, நல்ல கைக்குப் போகவேண்டும். சைதாப்பேட்டையில் இருக்கிறேன்.

நாலாவது_பெஞ்ச், 8 ஏப்ரல் 2025

சார், அவங்க பதினொண்ணாவது பிசிக்ஸ் விக்கிறாங்க, நீங்க தேவாரம் கொடுக்கிறீங்க.

பழைய_பேப்பர், 9 ஏப்ரல் 2025

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்கவேண்டிய பக்கம் ஒண்ணு இருக்கு. அட்டையைத் திருப்பி, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி பதிப்பு விவரம் சின்ன எழுத்துல வரிசையா இருக்கும். என்சிஇஆர்டி 2022ல பாடங்களைக் குறைச்சாங்க. அதுக்கப்புறம் அச்சானதுல அந்த வரிசையில 'திருத்திய பதிப்பு, நவம்பர் 2022'ன்னோ அதையொட்டியோ இங்கிலீஷ்ல வரும். அந்த வரி இல்லைன்னா பழசு. பழசுல பாடம் கூடுதலாத்தான் இருக்கும், ஆனா பாட எண் மாறிப்போயிருக்கும். கிளாஸ்ல டீச்சர் 'ஏழாவது பாடம் எடு'ன்னா உங்ககிட்ட வாங்கின பையன் எட்டாவதைத் திறந்து உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் அவங்கம்மா உங்க வீட்டு பெல்லை அடிப்பாங்க.

மாதத்துக்குப் பக்கத்துல 1944, 1945ன்னு ஒரு எண் நிக்கும். அது சக ஆண்டு. ஒருத்தர் அதைப் பார்த்துட்டு சுதந்திரத்துக்கு முந்தின அபூர்வப் புத்தகம்னு என்கிட்ட ஆயிரம் ரூபாய் கேட்டார். எட்டாவது சோசியல்.

அச்சு மங்கலா, தாள் ரொம்ப வெள்ளையா, பக்க ஓரம் கோணலா வெட்டியிருந்தா திருட்டு அச்சு. வேற புத்தகத்தோட பக்கம் நடுவுல புகுந்திருக்கும். அதை வாங்காதீங்க, விக்கவும் விக்காதீங்க.

வடவள்ளி_வீடு, 13 ஏப்ரல் 2025

பெரியவன் செட்டு ரெண்டையும் பார்த்தேன். பதினொண்ணுல கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகம் மட்டும் பழசு. அவன் அக்கா முறைப் பொண்ணுகிட்ட வாங்கினதாம். அப்படியே ரெண்டு வருஷம் படிச்சிருக்கான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

ஒரு சந்தேகம். புது விலையே கம்மியா இருக்குதே. பதினொண்ணாவது சயின்ஸ் செட்டு பின் அட்டை விலையைக் கூட்டினா ஆயிரத்தைத் தொடலை. இதுல எனக்கு என்ன நிக்கும்?

கணக்கு_டீச்சர், 13 ஏப்ரல் 2025

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இந்த ஆண்டு விலையை 20 சதவீதம் குறைப்பதாக என்சிஇஆர்டி அறிவித்திருக்கிறது. ஆகவே நான் சொன்ன 75 சதவீதத்தைத் திரும்பப் பெறுகிறேன். பாதி விலை வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் என்றதையும் யாரும் நினைவில் வைக்க வேண்டாம்.

பழைய_பேப்பர், 14 ஏப்ரல் 2025

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும்.

பாடப்புத்தகத்துல காசு இல்லம்மா. அது வீட்டுக்கு ஆள் வரவைக்கிற சாமான். காசு ரெஃபரன்ஸ் புக்குல இருக்கு, தலையணை மாதிரி இருக்குமே அதுல. ஜேஇஇ, நீட் கோச்சிங்குக்குப் போற பசங்க எல்லாம் வாங்குவாங்க, பாதிப் பேர் முதல் அம்பது பக்கம்தான் புரட்டியிருப்பாங்க.

என்னோட நோட்டிலிருந்து ஒரே ஒரு புக்கோட ஜாதகத்தைச் சொல்றேன். பிசிக்ஸ் ரெஃபரன்ஸ், ரெண்டு பாகம். அட்டை விலை சேர்த்து 1,150. 2022 மார்ச்சுல ஒரு பையன்கிட்ட 350க்கு வாங்கினேன். ஜூன்ல ஒரு பொண்ணுக்கு 600க்கு வித்தேன். விக்கும்போதே சொன்னேன், அடுத்த மார்ச்சுல கிழியாம கொண்டுவந்தா 350 திருப்பித் தர்றேன்னு. கொண்டுவந்துச்சு, குடுத்தேன். முதுகு விட்டுப்போச்சு, 60 ரூபாய்க்கு காலிகோ பைண்டிங் போட்டேன். அடுத்த பையனுக்கு 550, திரும்ப வரும்போது 300. மூணாவது வருஷம் 450க்கு வித்துட்டேன், திரும்ப வாங்கமாட்டேன்னு சொல்லியே வித்தேன்.

வந்தது 1,600. போனது 1,060. ஒரு புக்கு மூணு சீசன்ல 540 சம்பாதிச்சுக் குடுத்துச்சு. சும்மா வித்துட்டு விட்டிருந்தா 250தான். வாங்குறவங்களுக்கும் லாபம். அந்தப் பொண்ணுக்கு வருஷத்துக்கு 250 ரூபாய் வாடகைக் கணக்குல 1,150 ரூபாய் புக்கு.

திருப்பி வாங்கிக்கிறேன்னு சொல்றதுதான் இந்த யாவாரம். அதைச் சொல்லாம வித்தா அடுத்த வருஷத்துக்குச் சரக்கு தேடி நீங்க வீடு வீடா அலையணும். சொல்லி வித்தா சரக்கு தானா உங்க வாசலுக்கு வரும்.

நாலாவது_பெஞ்ச், 14 ஏப்ரல் 2025

அண்ணா, நான் பன்னெண்டு ஸ்டேட் போர்டு. எங்களுக்கு இந்த மாதிரி யாரும் இல்லையே. கவர்ன்மெண்ட் ஸ்கூல் பிரெண்டுகிட்ட பழைய புக்கு சும்மா கிடைக்குது, அதை வாங்கி மெட்ரிக் பசங்களுக்கு வித்தா லாபம்தானே?

பழைய_பேப்பர், 15 ஏப்ரல் 2025

தம்பி, அந்தப் புக்கோட முன்பக்கத்தைப் படி. விலையில்லாப் பாடநூல் வழங்கும் திட்டம்னு போட்டு, 'விற்பனைக்கு அன்று'ன்னு அச்சடிச்சிருக்கும். அதை நான் கடையில அடுக்கினதே இல்லை. மெட்ரிக் பசங்க பாடநூல் கழகத்துல காசு கொடுத்து வாங்குறாங்களே, அந்தக் காப்பியை வாங்கு. பாடம் ஒண்ணுதான், அந்த வரி மட்டும் இருக்காது.

நாலாவது_பெஞ்ச், 15 ஏப்ரல் 2025

எடைக்குப் போட்டா மட்டும் சரியா? வருஷா வருஷம் மூட்டை மூட்டையா போகுது.

கணக்கு_டீச்சர், 15 ஏப்ரல் 2025

பையன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பள்ளி வாசலிலேயே மே மாதம் தராசு வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கசக்கிப் போடலாம், இன்னொரு பிள்ளைக்கு விற்கக்கூடாது என்பது விந்தைதான். ஆனாலும் விற்காதே. சும்மா கொடு.

நாலாவது_பெஞ்ச், 15 ஏப்ரல் 2025

சும்மா கொடுத்தா சிறு வருமானம் எங்க டீச்சர் வரும்.

தீவகம், 17 ஏப்ரல் 2025

எங்கட பக்கம் இந்தப் பிரச்சினையே இல்லை. இலங்கையில அரச பாடநூல் எல்லாப் பிள்ளையளுக்கும் இலவசம், 1980இல இருந்து. பழைய பாடநூலை ஆரும் காசுக்கு வாங்கமாட்டினம். இஞ்ச ஓடுறது பாஸ்ற் பேப்பர் தொகுப்பும் ரியூசன் நோட்ஸும்தான். ஏ.எல். முடிச்ச பிள்ளையின்ர நல்ல கையெழுத்து பௌதிகவியல் நோட்ஸ் கொப்பி எண்டால் சண்டை பிடிச்சு வாங்குவினம். என்ர அண்ணா தன்ர கொப்பியை வித்த காசில சைக்கிளுக்கு ரயர் ரெண்டும் மாத்தினவர்.

வடவள்ளி_வீடு, 4 மே 2025

எட்டாவது பழைய செட்டு நாலு போயிடுச்சுங்க. பழைய_பேப்பர் அண்ணா கோவிச்சுக்காதீங்க. கடையில புதுசு வரலை, பிள்ளை சும்மா இருக்குதுன்னு அவங்களே வந்து கேட்டாங்க. செட்டு 200. என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு, மீதி மூணையும் தேடிப்பிடிச்சு வாங்கிக் கொடுத்தேன். ஏழாவதுக்கு ஒருத்தரும் வரலை.

பழைய_பேப்பர், 4 மே 2025

கோவமெல்லாம் இல்லை. அந்த 800ஐ செலவு பண்ணிடாதீங்க.

புத்தகப்புழு62, 11 மே 2025

மன்னிக்கவும், முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். வாடகைக்கு விடுவது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எண்பதுகளில் சென்னையில் நான் உறுப்பினராக இருந்த வாடகை நூலகத்தில் ஒரு முன்பணம் கட்டவேண்டும். பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. தாமதமானால் மறுபடி வாடகை. பத்துப் பேர் படித்தால் புத்தகத்தின் விலை திரும்பிவிடும், பதினோராவது ஆளிலிருந்துதான் லாபம். ஆனால் பத்துப் பேர் கை பட்டபின் பல புத்தகங்களுக்கு அட்டை இருக்காது. ஆகவே அவர்கள் வாங்கிய அன்றே பிளாஸ்டிக் உறை போட்டு, முதுகில் சணல் கோர்த்துத் தைத்துவிடுவார்கள். உள்பக்க ஓரத்து எழுத்து தையலுக்குள் போய்விடும், கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கும். இன்றும் நான் எந்தப் புத்தகத்தையும் சாய்த்துத்தான் படிக்கிறேன் என்று மனைவி சொல்வாள்.

வடவள்ளி_வீடு, 1 ஜூன் 2025

கதைப் புத்தகத்துக்கு 14 வீடு சேர்ந்திருக்குது. மாசம் 100, ஒரு சமயத்துல ரெண்டு புக்கு, முன்பணம் 300. புத்தகத்துக்கு இவ்வளவுன்னு வாங்கலாம்னுதான் பார்த்தேன். ஆனா பசங்க படக்கதையை அரை மணி நேரத்துல முடிச்சுட்டு மறுபடி வர்றாங்க, ஒவ்வொரு தடவையும் சில்லறை எண்ண முடியலை.

குழந்தைகளுக்குன்னு ஆரம்பிச்சது, அம்மாக்கள்தான் அலமாரி முன்னாடி நிக்கறாங்க. மாமியார் வாரப் பத்திரிகையில இருந்து கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்ச தொடர்கதைதான் முதல்ல காலி. பழைய விளம்பரம், ஜோக்கு எல்லாம் அதுலயே இருக்குதுல்ல, அதுக்காகவே கேக்கறாங்க. ஒரு தொகுப்பு போனது போனதுதான். எடுத்துட்டுப் போனவங்க வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. முன்பணம் 300 என்கிட்ட இருக்குது, மாமியார் என்கிட்ட பேசறதில்லை. இனிமே அதெல்லாம் வாடகைக்கு இல்லை.

நாலாவது_பெஞ்ச், 2 ஜூன் 2025

திருநெல்வேலியில என் கசின் பதினொண்ணு ரெஃபரன்ஸ் கேக்கிறா. கூரியர்ல எடை போட்டா புக்கு விலையைத் தாண்டுது. வேற வழி?

பழைய_பேப்பர், 2 ஜூன் 2025

தபால் ஆபீஸ்ல ஞான் போஸ்ட்னு கேளு. முன்னாடி இருந்த புக் போஸ்ட்டை போன டிசம்பர்ல நிறுத்திட்டு, மே 1லிருந்து இதைக் கொண்டுவந்திருக்காங்க. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100, வரி தனி. பாடப்புத்தகம், கல்வி சம்பந்தப்பட்டது போகும். தரை வழிதான், அவசரத்துக்கு ஆகாது. கவுண்டர்ல இருக்கறவங்களுக்கே தெரியலைன்னா எழுதிக் காட்டு.

வடவள்ளி_வீடு, 19 ஜூலை 2025

எட்டாவது புதுசு வந்துடுச்சு. நாலு பேரும் திரும்ப வந்துட்டாங்க.

விக்கறப்பவே பழசுன்னு சொல்லித்தான் குடுத்தேன், இருந்தாலும் லிஃப்டுல தினமும் முகம் பார்க்கணுமே. 800ஐயும் திருப்பிக் குடுத்துட்டேன். கடைக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. வாங்குறவங்க எல்லாம் பக்கத்து வீடாவே இருந்தா கறாரா இருக்க முடியறதில்லைங்க.

கணக்கு_டீச்சர், 10 ஆகஸ்ட் 2025

மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை இந்தக் கல்வியாண்டிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இனி பல பள்ளிகள் பதினொன்றைத் தாண்டி நேராகப் பன்னிரண்டை எடுக்கும். 2018இல் பொதுத்தேர்வு வருவதற்கு முன்பு அப்படித்தான் நடந்தது. எனவே பதினொன்று வாங்கிச் சேர்த்தவர்கள் விற்றுவிடுங்கள்.

பழைய_பேப்பர், 10 ஆகஸ்ட் 2025

கைடு படுக்கும், அது சரி. பாடப்புக்கு படுக்கும்னு நான் நினைக்கலை. நீட்டுக்கும் ஜேஇஇக்கும் பதினொண்ணு பாடம் பாதி வருதே. கோச்சிங் போற பையன் வாங்கத்தான் செய்வான்.

2018ஐ ஞாபகப்படுத்திட்டீங்க. அந்த வருஷம் பதினொண்ணு பாடத்திட்டமே மாறுச்சு, அடுத்த வருஷம் பன்னெண்டு. மாறப்போகுதுன்னு பேப்பர்ல வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் நம்பாம, மலிவா வருதேன்னு மூணு மாசம் வாங்கி அடுக்கினேன். ஒரு ஆட்டோ நிறைய எடைக்குப் போச்சு. ஏத்திவிட்டுட்டு டீக்கடையில அந்தக் காசை எண்ணினப்ப மூணு பேருக்கு டிபன் ஆச்சு.

கணக்கு_டீச்சர், 11 ஆகஸ்ட் 2025

கோச்சிங் போகாத பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். அவர்கள் வாங்குவார்களா என்பது அடுத்த ஜூனில் தெரியும்.

வடவள்ளி_வீடு, 2 நவம்பர் 2025

மழையில ஒரு பாடம். பால்கனிக் கதவோரம் அட்டைப்பெட்டியில வெச்ச 11 புக்குல ராமபாணப் பூச்சி. முதுகுப் பசையைத் தின்னு, அட்டையைத் தூக்கினா பக்கம் கையோட வருது. பெட்டியைத் தரையில வெச்சதும் சுவரோட ஒட்டி வெச்சதும் தப்பு. இப்ப மரப்பலகை மேல, சுவருக்கு நாலு விரல் தள்ளி. வேப்பிலை போட்டேன், அது காய்ஞ்சு தூளானதுதான் மிச்சம்.

வடவள்ளி_வீடு, 7 டிசம்பர் 2025

கணக்கு முடிச்சேன். புத்தகம் வாங்கினது 9,400. வித்தது 15,850. எட்டாவதுக்குத் திருப்பிக் குடுத்தது 800, பைண்டிங் 620. கையில 5,030. எட்டு மாசத்துக்கு. மாசம் அஞ்சாயிரம்னு கேட்டேனே, அதை நினைச்சு நானே சிரிச்சேன். அதுவும் வந்தது பூரா மே, ஜூன்ல. ஆகஸ்டுக்கப்புறம் பாடப்புக்குக்கு ஒரு ஈ காக்கா இல்லை.

மாசா மாசம் வர்றது வாடகைதான். 1,400 வரும், புதுப் புத்தகத்துக்கு 500 போகும். புதுசு வாங்கலைன்னா மூணாவது மாசம் பசங்க நின்னுக்கறாங்க.

5,030ல மிக்ஸி வாங்கிட்டேன்.

பழைய_பேப்பர், 7 டிசம்பர் 2025

திருப்பி வாங்கிக்கிறேன்னு எத்தனை பேருக்குச் சொல்லிருக்கீங்க?

வடவள்ளி_வீடு, 7 டிசம்பர் 2025

21 பேருக்கு. தலைக்கு 300.

நாலாவது_பெஞ்ச், 7 டிசம்பர் 2025

6,300. மிக்ஸியில ஜூஸ் போடுங்க அக்கா.

பழைய_பேப்பர், 8 டிசம்பர் 2025

அதான். அந்த 5,030 லாபம் இல்லம்மா, 21 பேர் உங்ககிட்ட குடுத்து வெச்ச காசு. மார்ச்சுல பரீட்சை முடிஞ்ச வாரம் எல்லாரும் ஒண்ணா வருவாங்க. புக்கு உங்களுக்கு வரும், ஆனா அது காசாக ஜூன் ஆகும். நடுவுல ரெண்டு மாசம் தாங்கணும். நான் ஒவ்வொரு வித்த புக்குக்கும் திருப்பித் தரவேண்டியதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல தனியா போட்டுருவேன். வாடகைக் காசு மாசம் 900 நிக்குதுல்ல, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி அதைத் தொடாதீங்க. மீதிக்கு வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. முன்பணமும் உங்க காசு இல்லைங்கறதை மறந்துடாதீங்க.

வடவள்ளி_வீடு, 8 டிசம்பர் 2025

அவர்கிட்டயா. 'நானா புக்கு வித்தேன்'னு கேப்பார்.

சீட்டு எழுதியிருக்கேன், இதை இனி ஒவ்வொரு புக்குலயும் ஒட்டப்போறேன்: 'மார்ச் 31க்குள் கொண்டுவந்தால் ரூ.___. பக்கம் குறைந்தால், நனைந்தால், பேனாவில் விடை எழுதினால் பாதி. பாடத்திட்டமோ பதிப்போ மாறினால் திரும்ப வாங்கப்படாது.' கடைசி வரியை இந்த 21 பேருக்கு நான் சொல்லலைங்க. வாய் வார்த்தையா வாங்கிக்கிறேன்னு மட்டும்தான் சொன்னேன்.

இன்னொண்ணு. சிபிஎஸ்இ ஒன்பதாவது அடுத்த வருஷம் மாறும்னு பேசிக்கறாங்க. மூணு வீட்டுல இப்பவே ஒன்பதாவது செட்டு தர்றேங்கறாங்க, செட்டு 100தான். வாங்கி வைக்கட்டுமா?

கணக்கு_டீச்சர், 8 டிசம்பர் 2025

எட்டாம் வகுப்புக்கு நடந்ததைப்போல் புதுசு தாமதமானால் இரண்டு மாதமாவது கேட்பார்கள்.

பழைய_பேப்பர், 9 டிசம்பர் 2025

கேட்டு வாங்கிட்டு, ஜூலையில லிஃப்டுல வந்து நிப்பாங்க.

வடவள்ளி_வீடு, 9 டிசம்பர் 2025

வாங்கலை. ஒருத்தர் மட்டும் காசு வேண்டாம்னு வாசல்லயே வெச்சுட்டுப் போயிட்டார். இருக்கட்டும், பலகை மேலதான் இருக்குது.